"அடுத்த வெள்ளி"யா, "மார்ச் 13, வெள்ளி"யா?

ஏற்காட்டில் காபியும் மிளகும் பயிரிடும் சிலரும் சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் சிலரும் அவ்வப்போது கூடிப் பேசுகிறோம். அழைப்பு அனுப்புவது என் பொறுப்பு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒருவர் தவறான நாளில் இறங்கி வந்தால் அவருக்கு ஒரு நாள் வேலை போச்சு. அதனால் நாள் குறிப்பதில் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன்: தேதியும் கிழமையும் சேர்ந்தே வர வேண்டும்.

"அடுத்த வெள்ளி" என்பதன் சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததே. 2026 மார்ச் 2, திங்களன்று அப்படிச் சொன்னால் பாதிப் பேர் 6ஆம் தேதி என்பார்கள், மீதிப் பேர் 13 என்பார்கள். "வருகிற வெள்ளி" சற்று மேல். ஆனால் அதையே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொன்னால் இன்றா, அடுத்த வாரமா என்ற கேள்வி எழும். "வார இறுதி" இன்னும் மோசம்: அரசு அலுவலகத்தில் இருப்பவருக்கு அது சனியும் ஞாயிறும், கடைக்காரருக்கு ஞாயிறு மட்டும்.

வெறும் தேதி போதாதா என்று கேட்பவர்களுக்குத்தான் இந்த அலசல். "மார்ச் 13" என்று எழுத நினைத்து விரல் தவறி "மார்ச் 12" என்று அனுப்பினால் யாருக்கும் சந்தேகம் வராது. எல்லோரும் வியாழனன்று வந்து நிற்பார்கள். "மார்ச் 12, வெள்ளி" என்று போயிருந்தால், நாள்காட்டியைப் பார்க்கும் முதல் ஆளே "12 வியாழன் ஆயிற்றே, எது சரி?" என்று கேட்டுவிடுவார். கிழமை இங்கே அலங்காரமில்லை, தேதியைச் சரிபார்க்கும் சாட்சி.

அந்தச் சாட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. பிழை சரியாக ஏழு நாளாகவோ அதன் மடங்காகவோ இருந்தால் கிழமை காட்டிக்கொடுக்காது. 13க்குப் பதில் 6 என்று எழுதினாலும் வெள்ளிதான். பிப்ரவரிக்கு 28 நாள் வரும் ஆண்டுகளில் பிப்ரவரி 13க்கும் மார்ச் 13க்கும் கிழமை ஒன்றே. ஆகவே மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராகவே எழுதுகிறேன். 03/04 என்று போட்டால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு மார்ச் 4. வெளிநாட்டில் இருப்பவர்களோடு கூட்டம் வைத்த அனுபவம் எனக்குக் குறைவு. அங்கே எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

கெடு சொல்லும்போதும் இதே முறைதான். "இன்றைக்குள்" என்றால் அலுவலகத்தாருக்கு மாலை, கடைக்காரருக்குக் கடை அடைக்கும் நேரம், இன்னொருவருக்கு நள்ளிரவு. "மார்ச் 11, புதன், மாலை 5 மணிக்குள்" என்று எழுதுகிறேன். இரவு 12 மணியைக் கெடுவாக வைப்பதே இல்லை, அது எந்தத் தேதியின் இரவு என்ற கேள்வி வரும். அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டியிருந்தால் இரவு 11.59 என்று குறித்துவிடுகிறேன்.