தினமா, யோனியா? ரோகிணிப் பெண்ணுக்கு வந்த இரண்டு வரன்கள்

பத்துப் பொருத்தத்தில் எத்தனை என்று எண்ணுவதைவிட, எது விடுபட்டது என்று பார்ப்பதுதான் வீடுகளில் நடக்கிறது. பெண் ரோகிணி, ரிஷப ராசி. ஒரு வரன் உத்திராடம், மகர ராசி, மற்றொன்று அசுவினி. இரண்டிலும் மாங்கல்ய பலத்துக்காகப் பார்க்கும் ரஜ்ஜு தட்டவில்லை. ரஜ்ஜு தட்டினால் பல வீடுகளில் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

முதலில் தினம். பெண்ணின் நட்சத்திரத்தை ஒன்றாக வைத்து ஆணின் நட்சத்திரம் வரை எண்ணி, ஒன்பதால் வகுக்க வேண்டும். மீதி 2, 4, 6, 8 அல்லது 0 என்றால் பொருத்தம். இது ஆரோக்கியத்தையும் அன்றாட வாழ்வின் சுகத்தையும் சொல்கிறது என்பார்கள். உத்திராடம் 18-ஆவது, மீதி 0, சரி. அசுவினி 25-ஆவது, மீதி 7. அது வதை தாரை, ஆகாது. மூன்றாம் சுற்றில் வருவதால் வீரியம் குறைவு என்று தளர்த்துகிறவர்களும் உண்டு.

கணம் என்பது சுபாவம். ரோகிணியும் உத்திராடமும் மனுஷ கணம், அசுவினி தேவ கணம். தேவ கண ஆணுக்கு மனுஷ கணப் பெண்ணைச் சேர்க்கலாம் என்பதால் இங்கே சிக்கல் இல்லை. பெண் ராட்சச கணமாக இருந்து ஆண் வேறு கணமானால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

யோனி தாம்பத்திய இணக்கத்துக்கானது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு விலங்கு; ரோகிணிக்குப் பாம்பு, உத்திராடத்துக்குக் கீரி. பகை! அசுவினிக்குக் குதிரை, பாம்போடு பகையில்லை. மற்ற பொருத்தமெல்லாம் கணக்கு. இதை மட்டும் ஜோதிடம் தெரியாத பாட்டிகூடப் புரிந்துகொள்வார். அதனாலேயே ‘பாம்பும் கீரியும்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு மாற்றிப் பேசவைப்பது கடினம்.

மகேந்திரம் பிள்ளைப்பேறு, குடும்ப விருத்திக்கு. 4, 7, 10, 13, 16, 19, 22, 25 ஆகிய எண்ணிக்கையில் வந்தால் உண்டு. அசுவினிக்கு இருக்கிறது, உத்திராடத்துக்கு இல்லை. ஒன்று கவனியுங்கள்: இந்த எட்டு எண்களில் 4, 13, 22 மட்டும்தான் தினத்திலும் தேறும். மற்ற ஐந்திலும் மகேந்திரம் கிடைத்தால் தினம் போய்விடும். இரண்டும் ஒன்றாக வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

ஆக, உத்திராடத்துக்கு நான்கில் இரண்டு, அசுவினிக்கு மூன்று. ஆனால் எல்லாமே ஒரே எடை அல்ல. தினம், கணம், யோனி, ராசி, ரஜ்ஜு ஆகிய ஐந்தையும் முக்கியம் என்று சொல்வது வழக்கம்; மகேந்திரம் அதில் இல்லை. இருந்தால் சந்தோஷம், இல்லையென்று யாரும் வரனைத் திருப்பி அனுப்புவதில்லை. அதைக் கழித்துவிட்டால் இரு பக்கமும் இரண்டு இரண்டு: தினம் இல்லாத அசுவினி, யோனி இல்லாத உத்திராடம்.

என் கணிப்பில் பெரும்பாலான வீடுகள் அசுவினியைத்தான் தொடர்வார்கள். தினக் குறைக்குச் சமாதானம் கிடைக்கும், யோனிப் பகைக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. அப்புறம் செவ்வாய் தோஷம், தசா சந்தி என்று ஜாதகக் கட்டத்துக்குள் போவார்கள். முடிவு அங்கே மாறவும் கூடும்.