பழைய விலையைத் திருத்துவது எப்படி: மூன்று தொடர்கள், ஒரு கணக்கு

ஆப்பிள் பங்கு 2020 ஆகஸ்ட் 28 அன்று 499.23 டாலரில் முடிந்தது. அடுத்த வர்த்தக நாளில் ஒரு பங்கு நான்காகப் பிரிந்தது; அன்றைய முடிவு விலை 129.04. பழைய விலையை நான்கால் வகுத்தால் 124.81 என்பதால், உண்மையில் பங்கு 3.4 சதவீதம் ஏறியிருக்கிறது. திருத்தாத விலைத் தொடரோ 370 டாலர் சரிவைக் காட்டும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டு விலையின் வேகத்தை அளக்கும் 14 நாள் ஆர்.எஸ்.ஐ. கணக்கில் அந்த ஒரு நாள் மட்டுமே சராசரி இழப்பில் 26 டாலரைச் சேர்த்துவிடும், பல வாரங்களுக்கு அது கரையாது. ஆகவே இதுபோல விலையிலிருந்து கணக்கிடும் இண்டிகேட்டருக்குத் திருத்தாத விலை உதவவே உதவாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: பிரிப்பை மட்டும் திருத்திய விலை, ஈவுத்தொகையையும் சேர்த்துத் திருத்திய விலை. காலாண்டுக்கு அரை சதவீதம் ஈவுத்தொகை தரும் பங்கில், 20 நாள் சராசரியை எதில் போட்டாலும் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரிவது மைக்ரோசாஃப்ட் 2004 நவம்பரில் செய்தது போன்ற இடங்களில். அந்நிறுவனம் 3 டாலர் சிறப்பு ஈவுத்தொகையும், வழக்கமான 8 சென்ட்டும் தந்தது. முந்தைய முடிவு விலை 29.97, ஈவுத்தொகை கழிந்த நாளில் 27.39. பிரிப்பை மட்டும் திருத்திய தொடர் இதை 8.6 சதவீத வீழ்ச்சி என்கிறது. பங்கை வைத்திருந்தவர் கையில் 3.08 டாலர் வந்திருக்கிறது. அவர் ஏதும் இழக்கவில்லை.

முழுத் திருத்தம் 1 − 3.08/29.97, அதாவது 0.8972 என்ற காரணியால் அந்த நாளுக்கு முந்தைய எல்லா விலைகளையும் பெருக்கும். 29.97 இப்போது 26.89 ஆகிறது, அன்றைய நகர்வு 1.9 சதவீத ஏற்றமாகத் தெரிகிறது. சிலர் பெருக்காமல் 3.08ஐ நேரடியாகக் கழிப்பார்கள். அது தவறு: நீண்ட கால ஈவுத்தொகைகளைக் கழித்துக்கொண்டே போனால் பழைய விலை எதிர்மறையாகக்கூடும், சதவீத நகர்வுகளும் கோணலாகிவிடும்.

மொத்த லாபத்தைச் சோதிப்பதற்கும் நீண்ட கால மொமெண்டம் கணக்குக்கும் முழுத் திருத்தமே என் தேர்வு. ஆனால் வரைபடத்தில் பழைய உச்சத்தையோ ஆதரவு நிலையையோ தேடுபவருக்குப் பிரிப்பை மட்டும் திருத்தியதே பொருந்தும். சந்தையில் ஆர்டர்கள் குவிந்தது 29.97 அருகில்தான், 26.89இல் யாரும் வாங்கி விற்கவில்லை.

மிகவும் சேதம் செய்வது இரண்டையும் கலப்பது. யாஹூ தரவில் `Close` பிரிப்பு மட்டும் திருத்தியது, `Adj Close` ஈவுத்தொகையும் திருத்தியது. முடிவு விலைக்கு `Adj Close`ஐ எடுத்து, `High`, `Low` இரண்டையும் அப்படியே விட்டால், முடிவு விலை அன்றைய தாழ்விலைக்கும் கீழே போய்விடும், ஒரு நாளில் விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதைக் காட்டும் ஏ.டி.ஆர். ஊதிப்பெருகும். ஒரே காரணியை எல்லாவற்றிலும் இட வேண்டும்:

```python
k = d["Adj Close"] / d["Close"]
for c in ["Open", "High", "Low", "Close"]:
    d[c] = d[c] * k
```

வர்த்தக அளவை இந்தக் காரணியால் தொடக்கூடாது. அதற்குப் பிரிப்பு மட்டுமே பொருந்தும், அதுவும் தலைகீழாக: விலையை நான்கால் வகுத்தால் அளவை நான்கால் பெருக்க வேண்டும். "10 டாலருக்குக் கீழுள்ள பங்குகளை விடு" போன்ற வடிகட்டிக்குத் திருத்தாத விலை வேண்டும். திருத்திய தொடரில் பின்னாளில் வந்த ஈவுத்தொகை அன்றைய விலையைக் குறைத்துக் காட்டி, அன்று பட்டியலில் இருந்த பங்கை நீக்கிவிடும்.