பேக்டிராப்பா, ஸ்டாண்டியா, பக்கச் சுவரா: 3 மீட்டர் ஸ்டாலில் கண்ணில் முதலில் படுவது எது?

கோவை கொடிசியா அரங்கிலோ நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் எடுப்பது 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் கொண்ட, அலுமினியச் சட்டத்தில் தட்டிகளைச் செருகி நிறுத்தும் ஆக்டோநார்ம் ஸ்டால்தான். மூன்று பக்கம் வெள்ளைத் தட்டிகள், முன்னால் பெயர் எழுதிய பேஷியா பலகை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூன்று ஸ்பாட்லைட். அச்சுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி பின்சுவர் பேக்டிராப்புக்குப் போகும். மீதியில் தாங்கியில் தானே நிற்கும் பேனரான ஸ்டாண்டி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்துவார்கள். இந்தப் பங்கீடு சரிதானா என்று பார்க்க ஒரு தாளும் அளவுகோலும் போதும்.

ஸ்டாலை மேலிருந்து பார்ப்பது போல 3க்கு 3 சதுரமாக வரைந்து, அதன் முன்னால் 3 மீட்டர் அகல நடைபாதையைப் போடுங்கள். பார்வையாளர் நடைபாதையின் நடுவில், ஸ்டாலின் முன்கோட்டிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, இடமிருந்து வலமாக நடந்து வருகிறார். அவர் கண்ணிலிருந்து ஸ்டாலின் இடது முன் மூலையைத் தொட்டு உள்ளே ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை இடது சுவர் மறைத்துவிடும். முன் மூலைக்கு 1.5 மீட்டர் முன்னால் அவர் இருக்கும்போது அந்தக் கோடு நேராகப் பின்சுவரின் வலது கோடியில் போய் முட்டுகிறது. அதாவது அதற்கு முன்பு வரை பேக்டிராப்பில் ஒரு அங்குலம்கூட அவருக்குத் தெரியாது. சுவர் முழுதாகத் தெரிவது அவர் ஸ்டாலின் முகப்பைக் கடக்கும் 3 மீட்டரில் மட்டும். கூட்டத்தோடு நகர்கிறவர் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் போவார் என்று வைத்தால், பேக்டிராப்புக்குக் கிடைப்பது மூன்று நொடி. அந்த மூன்று நொடியிலும் அவர் பக்கவாட்டில் தலையைத் திருப்பினால்தான் உண்டு.

இப்போது அதே படத்தில் வலது பக்கச் சுவரைப் பாருங்கள். அது வருகிறவரின் முகத்துக்கு நேராக நிற்கிறது. அந்தச் சுவரின் முதல் தட்டி, அதாவது நடைபாதையை ஒட்டிய ஒரு மீட்டர் அகலம், அவர் ஸ்டாலுக்கு 4.5 மீட்டர் முன்னால் இருக்கும்போதே முழுசாகத் தெரியும். 9 மீட்டர் தொலைவிலிருந்தே அதில் பாதி தெரியும். தலையைத் திருப்பவே வேண்டாம். நடக்கும் திசையில் பார்த்தாலே போதும். பெரும்பாலான ஸ்டால்களில் அந்தத் தட்டி வெறும் வெள்ளையாக இருக்கும், அல்லது அதன்முன் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். வரிசை நடுவில் உள்ள ஸ்டாலில் மிக அதிகம் வீணாகிற இடம் அதுதான்.

ஸ்டாண்டியின் கதையும் இதே கணக்குதான், எங்கே எப்படி நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. வழக்கமாக வாசலின் ஒரு மூலையில், நடைபாதையைப் பார்த்தபடி நிறுத்துகிறார்கள். 75 செ.மீ. அகல ஸ்டாண்டியை அப்படி வைத்தால், 3 மீட்டர் முன்னால் வருகிறவருக்கு அது 33 செ.மீ. அகலப் பட்டையாக ஒடுங்கித் தெரியும்; 6 மீட்டரில் 18 செ.மீ. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், படிக்க முடியாது. அதையே வலது முன் மூலையில், பக்கச் சுவரோடு ஒட்டி, வருகிறவர் முகத்துக்கு நேராகத் திருப்பி நிறுத்துங்கள். 5.5 மீட்டரிலிருந்து முழு அகலமும் கிடைக்கும். ஸ்டாண்டி அதேதான், செலவும் அதேதான். ஸ்டால் எல்லையைத் தாண்டி நடைபாதையில் வைக்க அமைப்பாளர்கள் விடமாட்டார்கள் என்பதால் இந்த மூலைதான் அதிகபட்சம்.

ஆனால் கூட்டம் நெருங்கும்போது ஸ்டாண்டி ஒரு விஷயத்தில் பக்கச் சுவரிடம் தோற்கிறது: உயரம். 6 அடி ஸ்டாண்டி என்பது 180 செ.மீ. முன்னால் போகிறவர்களின் தலையும் தோளும் 150 முதல் 170 செ.மீ. வரை மறைக்கும். மிஞ்சுவது மேலே ஒரு சாண். ஆக்டோநார்ம் சுவரோ கிட்டத்தட்ட 2.5 மீட்டர் உயரம், 170 செ.மீ.க்கு மேலே பேஷியாவின் அடிவிளிம்பு வரை உள்ள பட்டை தலைகளுக்கு மேல் தெளிவாக நிற்கும். ஆகவே வரிசை நடு ஸ்டாலில் கூட்டத்தை இழுக்கும் வேலையைப் பக்கச் சுவரின் முதல் தட்டிக்கே கொடுக்கலாம். ஸ்டாண்டிக்கு இடமுள்ளது இரண்டு நிலைமையில்: இரு திசையிலிருந்தும் கூட்டம் வந்து, மறு திசைக்காரர்களுக்கும் ஒன்று தேவைப்படும்போது, அல்லது மாதம் ஒரு ஊர் என்று அடிக்கடி கண்காட்சி போகிறவர்கள் மடித்து எடுத்துப்போக வேண்டியிருக்கும்போது. முனை ஸ்டால் கிடைத்தால் கணக்கு வேறு. வருகிற பக்கம் திறந்திருந்தால் பின்சுவர் தூரத்திலிருந்தே சாய்வாகத் தெரியத் தொடங்கிவிடும், பேக்டிராப்பின் மதிப்பு கூடும்.

ஒரு உதாரணத்தை வைத்து எழுத்தளவைப் பார்ப்போம். விவசாயக் கண்காட்சியில் களை எடுக்கும் இயந்திரம் விற்கிறவர். பின்சுவரின் உள் அகலம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறையும். பேக்டிராப்பை 2.9 மீட்டருக்கு அடிக்கலாம். வழக்கமான டிசைனில் நடுவில் நிறுவனப் பெயர், கீழே இயந்திரப் படங்கள் எட்டு, அதற்கும் கீழே முகவரி. இதில் கீழ்ப்பாதி யாருக்கும் தெரியாது. 75 செ.மீ. வரை மேஜை, அதற்கு மேல் நிற்கிற ஆட்கள். நிறுவனப் பெயர் ஏற்கெனவே பேஷியாவில் இருக்கிறது. மூன்று நொடியில் போகிறவருக்குத் தெரிய வேண்டியது இங்கே என்ன கிடைக்கும் என்பதுதான். "களை எடுக்கும் மெஷின்" என்ற மூன்று சொல்லை ஒரே வரியில் போட்டால், 'ப', 'ட' போன்ற எழுத்தின் உயரம் 15 செ.மீ. வரை வைத்தும் அகலத்தில் அடங்கும். அதைத் தரையிலிருந்து 180 செ.மீ.க்கும் 220 செ.மீ.க்கும் இடையில் வையுங்கள். அதற்கு மிகவும் மேலே போனால், எதிர்வரிசை ஸ்டாலின் உள்ளிருந்து பார்க்கிறவருக்குப் பேஷியா பலகை மறைக்கத் தொடங்கும்.

அதே சொற்கள் பக்கத் தட்டியில் மூன்று வரியாக இறங்கும்: களை / எடுக்கும் / மெஷின். தெரியும் அகலம் சுமார் 95 செ.மீ. இதில் நீளமான சொல் "எடுக்கும்". அது 13 செ.மீ. உயரத்தில் அடங்கிவிடும். 10 அடிக்கு ஒரு அங்குலம் என்பது போர்டு எழுதுகிறவர்களின் பழைய கணக்கு. 30 அடியிலிருந்து படிக்க 3 அங்குலம், அதாவது 7.5 செ.மீ. போதும் என்று ஆகிறது. ஆனால் அது நின்று பார்க்கிறவருக்கு. நகர்ந்துகொண்டே கூட்டத்தின் இடுக்கில் பார்க்கிறவருக்கு அதன் ஒன்றரை மடங்காவது வேண்டும். தமிழில் இன்னொன்றும் உண்டு: 'டு', 'கு', 'ஷி' என்று மேலும் கீழும் வளைவும் வாலும் நீள்வதால், ஆங்கில எழுத்துக்குப் போடும் வரி இடைவெளி போதாது. எழுத்து உயரத்தில் முக்கால் பங்கு இடைவெளி விட்டால்தான் மேல்வரியின் வால் கீழ்வரியின் வளைவில் இடிக்காது. மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்துருவில் புள்ளி தூரத்தில் காணாமல் போகும். 'ம்' என்பது 'ம' ஆகிவிடும்.

எதில் அச்சடிப்பது? மூன்று போட்டியாளர்கள். பிளெக்ஸ் மலிவு, ஒரே துண்டாக 3 மீட்டருக்கும் கிடைக்கும். ஆனால் அதன் மேற்பரப்பு பளபளக்கும். பேஷியாவின் உள்பக்கம் மாட்டிய ஸ்பாட்லைட் மேலிருந்து அடிக்கும்போது எழுத்தின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் விழும். நடந்து போகிறவரோடு அந்த வட்டமும் நகரும், ஒவ்வொரு அடிக்கும் வேறு எழுத்தை அழிக்கும். மடித்துக் கொண்டுவந்தால் மடிப்புக்கோடு போகவே போகாது. குழலில் சுருட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

சன்போர்டு என்ற நுரைப் பலகையில் மேட் வினைல் ஒட்டினால் பளபளப்பு இல்லை, தட்டையாக நிற்கும். சிக்கல் இணைப்பில். பலகை 8க்கு 4 அடி அளவில் வருவதால் 2.9 மீட்டருக்கு மூன்று துண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 4 அடி அகலத்துக்குள் வரும்படி வெட்டி, இணைப்பு எந்த எழுத்தின் நடுவிலும் விழாமல் சொல்லிடைவெளியில் விழும்படி டிசைனிலேயே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். 8 அடிப் பலகை ஆட்டோவில் ஏறாது என்பதையும் வண்டி பேசும்போது மறக்கக்கூடாது. வினைலை நேரடியாகத் தட்டிமேல் ஒட்டுவது இன்னும் மலிவு. ஆனால் தட்டிகளுக்கு இடையே உள்ள அலுமினியத் தூண்கள் துருத்தி நின்று வாசகத்தை மூன்றாக அறுக்கும். பக்கச் சுவரின் ஒற்றைத் தட்டிக்கு மட்டும் அதுவே மிகப் பொருத்தம், ஏனெனில் அங்கே வாசகம் தூணைத் தாண்டவே தேவையில்லை.

மூன்றாவது, அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் ரப்பர் விளிம்பைச் செருகி இழுத்துக் கட்டும் துணி அச்சு. ஒளியை உறிஞ்சும், சுருக்கம் இழுவையில் மறையும், மடித்துப் பையில் போடலாம். சட்டத்துக்கு முதலில் பெரிய தொகை ஆகும். வருடம் ஒரே ஒரு கண்காட்சிதான் என்றால் கட்டுப்படியாகாது, அவர்களுக்கு சன்போர்டு போதும். வருடம் நான்கைந்து போகிறவர்களுக்குத் துணி மட்டும் மாற்றினால் போதும் என்பதால் அதுவே சரி.

ஸ்டாண்டியில் பெட்டியிலிருந்து மேலே இழுத்து நிறுத்தும் ரோல்-அப், குறுக்குக் கம்பிகளில் மாட்டும் எக்ஸ் ஸ்டாண்டு இரண்டில் எக்ஸ் ஸ்டாண்டைத் தவிர்க்கலாம். நான்கு மூலையில் மட்டும் இழுத்துப் பிடிப்பதால் பக்கவாட்டு விளிம்பு உள்வாங்கும், ஏசி காற்றில் சாயும். ரோல்-அப்பில் பிளெக்ஸ் போட்டால் இரண்டாம் நாளே இரு ஓரமும் உள்பக்கம் சுருளும். கிழியாத பாலியஸ்டர் ஷீட் என்று கேட்டு வாங்கினால் சுருளாது. அடிப்பக்கம் சில அங்குலம் பெட்டிக்குள் போய்விடும் என்பதால் போன் நம்பரைக் கீழ்விளிம்பில் வைக்கக்கூடாது. வாசகம் மேல் 60 செ.மீ.க்குள் முடிந்துவிட வேண்டும்.

அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பும் முன் எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைகோடுகளாக மாற்றிவிடுங்கள். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் "மெஷின்" என்பதில் கொம்பு எழுத்தைவிட்டுக் கழன்று தனியே நிற்கும். மாற்றிய பின் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வருகிற ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அச்சகத்தில் ஒரு சாண் மாதிரித் துண்டு கேட்டு, செல்போன் டார்ச்சை மேலிருந்து சாய்வாக அடித்தால் பளபளப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்டால் அமைக்கும் நாளில் ஸ்பாட்லைட் மூன்றும் பின்சுவரைப் பார்த்தே திருப்பியிருக்கும். அதில் ஒன்றைப் பக்கச் சுவரின் முதல் தட்டிக்குத் திருப்பித் தரச்சொல்லி அரங்கத்து எலக்ட்ரீஷியனிடம் அன்று மாலையே கேளுங்கள். மறுநாள் காலை கதவு திறந்த பிறகு ஏணி உள்ளே வராது.