மூன்று மடங்கு தண்ணீரா, நான்கு மடங்கா?

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் வெண்பொங்கலை இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டிலும் ஒரு டம்ளர் பச்சரிசிக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பு. பருப்பை வாசம் வரும் வரை வறுத்துக்கொள்வதும் ஒன்றுதான். தண்ணீரில்தான் வழக்கு. அம்மா மொத்த அளவுக்கு மூன்று மடங்கு, அதாவது நாலரை டம்ளர் விடுவார். நான் நான்கு மடங்கு, ஆறு டம்ளர்.

குக்கரைத் திறந்ததும் பார்த்தால் அம்மாவுடையதுதான் அழகு. என்னுடையது தளதளவென்று கிடக்கும். முதல் தடவை அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, கஞ்சி காய்ச்சியிருக்கே?" என்றார். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மார்கழியில் கோயிலுக்குப் போய்விட்டு ஒவ்வொருவராக வருவார்கள். அரை மணி நேரம் கழித்து அம்மாவின் பொங்கலில் கரண்டியைக் குத்தினால் அப்படியே நிற்கும். என்னுடையது அப்போதுதான் பதத்துக்கு வந்திருக்கும்.

காரணம் பெரிய ரகசியமில்லை. ஆற ஆற அரிசியின் மாவுச்சத்து இறுகும், மீதித் தண்ணீரைப் பருப்பும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் குறைவாக இருக்கும்போது கரண்டியால் போட்டு மசித்தால் இன்னும் மோசம். சோற்றிலிருந்து வெளியே வரும் மாவு இளக இடமில்லாமல் பசையாகிவிடும். வறண்டு போவதும் பசையாவதும் பெரும்பாலும் ஒரே தப்பின் இரண்டு முகம்தான். அதனால் இறக்கும்போது தட்டில் ஒரு கரண்டி விட்டுப் பார்ப்பேன். மெதுவாகப் பரவ வேண்டும். குவிந்து நின்றால் கொதிக்கும் தண்ணீர் அரை டம்ளர் விட்டு, இரண்டு கிளறு மட்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் கட்டி தட்டும்.

தாளிப்பிலும் எங்களுக்குள் ஒத்துப்போகாது. அம்மா குக்கரிலேயே நெய்யில் மிளகு சீரகம் தாளித்து அதன்மேல் அரிசியைப் போடுவார். வேலை மிச்சம்தான், ஆனால் மிளகு வெந்து வாசம் போய்விடும், முந்திரியும் நமத்துவிடும். நான் மசித்த கையோடு, பொங்கல் ஆவி பறக்கும்போதே மூன்று மேசைக்கரண்டி நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி தாளித்து ஊற்றுவேன். சூட்டில் நெய் உள்ளே இறங்கும். ஆறிய பிறகு ஊற்றினால் மேலேயே மிதக்கும்.

இங்கே கடையில் மட்டை அரிசிதான் முன்னால் இருக்கும். அது புழுங்கல், குழையாது. பச்சரி என்று கேட்டு வாங்குங்கள். அது புது அரிசி என்று கடைக்காரர் சொன்னால் அரை டம்ளர் தண்ணீர் குறைத்துக்கொள்வேன், சட்டென்று குழைந்துவிடும். உருளியில் வைத்தது ஒரே ஒரு முறைதான். ஏழு டம்ளர் விட்டும் போதாமல் நடுவில் வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

அம்மா இன்னும் நாலரைதான் விடுகிறார். முதல் பந்தியில் அவர்தான் உட்காருவார்.