டேப் சுற்றிய இணைப்பும் ரூ. 6,800-உம்: ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டுப் பழுதுவேலைக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றின் வழியாக, குளியலறை கீசருக்குத் தனி லைன் இழுக்க ரூ. 6,800 கொடுத்தேன். ஐந்தே வாரத்தில், நேற்றிரவு, அந்த ஜங்ஷன் பாக்ஸின் மூடி உருகி வளைந்துவிட்டது.

வந்தவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார், புதிய 4 ஸ்கொயர் எம்எம் வயர்ச் சுருளைப் பிரிக்கும் முன் என்னிடம் காட்டினார், வேலை முடிந்ததும் பாக்ஸ் மூடியைத் துணியால் துடைத்தும் விட்டார். அந்தத் துடைப்பில்தான் நான் ஏமாந்தேன்; மூடிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவே தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் கீசர் போட்டால் மீன் கருகுவது போன்ற வாடை வந்தது. புகார் செய்தபோது, புது வயர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுபடி அழைத்ததற்குக் கீசரில்தான் கோளாறு என்றார்கள். இன்று காலை அழைத்தால், முப்பது நாள் உத்தரவாதம் முடிந்துவிட்டதாம். முதல் புகாரின் தேதியைச் சொன்னேன்; இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

மெயினை அணைத்துவிட்டு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் பாக்ஸைத் திறந்து காட்டினார். விரல் நகம் அளவுக்கு மட்டும் வயரைச் சீவி, இரண்டு முறுக்கு முறுக்கி, அதன்மேல் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். சூட்டில் பசை இளகி டேப் வழுகிப்போய், செம்பு கறுத்து, வயரின் மேலுறை விறைத்து நொறுங்கியது. 3,000 வாட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் 0.2 ஓம் தடை இருந்தாலே அந்த ஓரிடத்தில் ஏறக்குறைய 34 வாட் வெப்பம் பிறக்கும், அதாவது ஒரு சிறிய சாலிடரிங் அயர்னை மூடிய பெட்டிக்குள் வைத்தது போல. மின்னோட்டம் 13 ஆம்பியரைத் தாண்டாததால் 20 ஆம்பியர் எம்சிபி விழவே இல்லை. எம்சிபி இருக்கிறதே என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்!

அவர் கறுத்த பகுதியை, பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்தார். பிறகு கனெக்டரில் குறித்திருந்த நீளத்துக்குச் சரியாகச் சீவி, 32 ஆம்பியர் லீவர் கனெக்டரில் செருகி, ஒவ்வொரு வயரையும் தனித்தனியே இழுத்துப் பார்த்தார். கீசரை அரை மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டபோது மூடி குளிர்ந்தே இருந்தது.

விரிவாக வழிமுறை எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: மூடும் முன் இணைப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கித்தான் இணைப்பார்கள் என்றால் நான்கு சென்டிமீட்டராவது சீவி, கட்டிங் பிளையரால் இறுக்கி முறுக்கச் சொல்லுங்கள். டேப் மின்காப்புக்குத்தான், பிடிமானத்துக்கு அல்ல. செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து முறுக்க விடாதீர்கள். வாடை வந்தால் அன்றைக்கே அந்த லைனை அணைத்துவிடுங்கள்.

ரூ. 6,800 இன்னும் திரும்பவில்லை. சற்று முன் செயலியிலிருந்து செய்தி வந்தது: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.”