சிதறல் சோதனையா, பரவல் வடிவச் சோதனையா?

கதிர்வீச்சை எண்ணும் கைகர் எண்ணி சரியாக இயங்குகிறதா என்று அதன் அளவீடுகளைக் கொண்டே சோதிக்கலாம். மணவாளக்குறிச்சியின் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்த மணலருகே அந்த எண்ணியை அசையாமல் வைத்து, நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து அளவீடுகள் எடுத்ததில் 112, 95, 104, 88, 101, 97, 109, 93, 106, 95 என வந்ததாகக் கொள்வோம்.

அளவீடுகளை வகுப்புகளாகப் பிரித்து, தற்செயல் நிகழ்வுகளின் எண்ணிக்கைக்குரிய பாய்சான் பரவலோடு ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனைக்கு, ஒவ்வொரு வகுப்பிலும் ஏறத்தாழ ஐந்து அளவீடுகளாவது எதிர்பார்க்கப்பட வேண்டும் என்பதால், பத்து அளவீடுகள் அதற்குப் போதா.

சிதறலை மட்டும் பார்க்கும் கை-வர்க்கச் சோதனைக்கு இவை போதும். சராசரி 100, விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 530, அதைச் சராசரியால் வகுத்தால் 5.3. அளவீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவான கட்டின்மைக் கூறு 9 ஆகையால், தற்செயல் சிதைவில் இம்மதிப்பு பத்தில் ஒன்பது முறை 3.33க்கும் 16.92க்கும் இடையில் விழும். நம்முடையதும் அதற்குள் அடங்குகிறது. மேலெல்லையை வெகுவாகத் தாண்டினால் மின்னழுத்தம் நிலையாக இல்லையா என்று பார்க்க வேண்டும். மிகக் குறைந்தால், மின்சார இரைச்சலின் சீரான துடிப்புகளும் எண்ணப்படுகின்றனவா என்று ஐயுற வேண்டும்.

ஆயினும் இதே எண்கள் ஏறுவரிசையில் வந்திருந்தாலும் விடை 5.3தான், மெல்ல நகரும் பிழை இரு சோதனைகளுக்கும் தப்பிவிடக்கூடும் என்பதால், அளவீடுகளை எடுத்த வரிசையிலேயே வரைபடமாக்கியும் பார்ப்பேன்.