கடனுக்கு வந்த ஸ்டேட்மென்ட்: கண்ணால் பார்ப்பதா, கூட்டிப் பார்ப்பதா?

கடன் விண்ணப்பத்தோடு வரும் வங்கி ஸ்டேட்மென்ட்டில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எழுத்துருவும் வரிசை ஒழுங்கும் எங்காவது பிசகுகிறதா என்று கண்ணால் தேடுவது. இன்னொன்று, ஒவ்வொரு வரியின் பேலன்ஸும் முந்தைய வரியிலிருந்து சரியாக வருகிறதா என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பது. சரிபார்ப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் வழியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நான் இரண்டாவதில் தொடங்கச் சொல்வேன்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதத் தொடக்க இருப்பு 42,310. விண்ணப்பதாரரின் உண்மையான சம்பளம் 31,500. அதை 51,500 என்று மாற்றி, அதே வரியின் பேலன்ஸையும் 73,810-லிருந்து 93,810 ஆக்கிவிட்டார். நம் கைக்கு வருவது இப்படி இருக்கும்:

| தேதி | விவரம் | பற்று | வரவு | பேலன்ஸ் |
|---|---|---|---|---|
| 1 | தொடக்க இருப்பு | | | 42,310 |
| 3 | சம்பளம் | | 51,500 | 93,810 |
| 5 | வாடகை | 12,000 | | 61,810 |
| 9 | ஏடிஎம் | 5,000 | | 56,810 |

சம்பள வரியை மட்டும் பார்த்தால் குறையே இல்லை. 42,310-உடன் 51,500 கூட்டினால் 93,810 வரத்தான் செய்கிறது. அடுத்த வரியில் மாட்டிக்கொள்கிறது: 93,810-லிருந்து வாடகை போனால் 81,810 இருக்க வேண்டும், தாளில் இருப்பதோ 61,810. இருபதாயிரத்தைக் காணோம். இங்கிருந்து பின்னோக்கிப் போனால் பழைய தொகையும் கிடைத்துவிடும். 61,810-உடன் வாடகை 12,000-ஐச் சேர்த்தால் 73,810. அதிலிருந்து தொடக்க இருப்பைக் கழித்தால் 31,500. திருத்தம் நடந்திருக்கிறது என்பதோடு, திருத்துவதற்கு முன் என்ன இருந்தது என்பதையும் கணக்கே சொல்லிவிடுகிறது. கண்ணால் பார்க்கும் வழியில் இது அரிதாகத்தான் கிடைக்கும்.

பற்று C, வரவு D, பேலன்ஸ் E நெடுவரிசையில், தொடக்க இருப்பு 2-ஆம் வரியில் இருந்தால், விரிதாளின் 3-ஆம் வரியில் இந்த ஒரு சூத்திரத்தைப் போட்டுக் கீழே நகலெடுத்தால் போதும்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லா வரியிலும் 0 வர வேண்டும். வராத இடத்தில் வித்தியாசம் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். வரவுத் தொகையை மட்டும் உயர்த்தியிருந்தால் அந்த வரியிலேயே வித்தியாசம் தெரியும், அதற்குப் பின் எல்லாம் 0. தொகையையும் அதே வரியின் பேலன்ஸையும் சேர்த்து மாற்றியிருந்தால், மேலே பார்த்ததுபோல அடுத்த வரியில் தெரியும். பேலன்ஸை மட்டும் உயர்த்தியிருந்தால் அந்த வரியில் மைனஸிலும் அடுத்த வரியில் அதே தொகை பிளஸிலும் வரும்.

ஆனால் 0 வரவில்லை என்றதும் மோசடி என்று எழுதிவிடக் கூடாது. புதிய பரிவர்த்தனை மேலே வரும்படி அச்சான ஸ்டேட்மென்ட்டைத் தலைகீழாக்காமல் போட்டால் எல்லா வரியும் பிழைதான். நடுவில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தாலும் ஓரிடத்தில் சங்கிலி அறும். பக்க எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்கேன் பிரதியிலிருந்து எண்களை மென்பொருள் படித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பேலன்ஸில் 3-ஐ 8 என்று படித்துவிட்டால், பேலன்ஸை மட்டும் திருத்தியவரின் அதே மைனஸ், பிளஸ் ஜோடிதான் வரும். ஆகவே வித்தியாசம் வந்த வரியை மூலத் தாளோடு ஒப்பிடாமல் மேலே போகக் கூடாது.

இனி கண்ணால் பார்ப்பதற்கு வருவோம். ஸ்டேட்மென்ட்டின் தொகைகள் வலப்பக்க விளிம்பை ஒட்டி நிற்கும். புள்ளிக்குக் கீழே புள்ளி வரும். 9,500-ஐ 59,500 ஆக்கும்போது சில திருத்தும் மென்பொருள்கள் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுவதால், எண் வலப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். 400 சதவீதம் பெரிதாக்கி, நெடுவரிசையின் விளிம்பில் ஒரு நேர்கோல் வைத்தாலே தெரியும். நம் உதாரணத்தில் மட்டும் இது பலிக்காமல் போகலாம். 3-ஐ 5 ஆக்கினால் இலக்கங்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. விவரமானவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பிடிஎஃப் கோப்பாகவே வந்திருந்தால், Poppler என்ற கருவித் தொகுப்பின் இந்த இரண்டு கட்டளைகள் கண்ணைவிட நம்பகமானவை:

```
pdffonts statement.pdf
pdftotext -layout statement.pdf -
```

முதல் கட்டளை கோப்பில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும். எல்லாம் `KXQWTA+Helvetica` போல ஆறெழுத்து முன்னொட்டோடு கோப்புக்குள் பதிந்திருக்க, `ArialMT` மட்டும் பதியாமல் தனியாக நின்றால், அது எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தேட வேண்டும். இரண்டாவது கட்டளையில் சில சமயம் வேடிக்கையே நடக்கும். பழைய எண்ணின் மேல் வெள்ளைப் பெட்டியை ஒட்டி, அதன்மேல் புதிய எண்ணை எழுதியிருந்தால், ஒரே இடத்தில் 31,500-உம் 51,500-உம் வந்து விழும். பெட்டி பார்வையைத்தான் மறைக்கிறது, அடியிலிருக்கும் எழுத்து அப்படியே இருக்கிறது.

இந்த வழியில் அப்பாவிகள் சிக்கிக்கொள்வதும் அதிகம். கடவுச்சொல் போட்டு வங்கி அனுப்பிய கோப்பைத் திறந்து, மறுபடி பிடிஎஃப் ஆக அச்சிட்டு அனுப்புகிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் `pdfinfo` கட்டளை Producer என்று காட்டும், கோப்பை உருவாக்கிய மென்பொருளின் பெயர் மாறிவிடும், எழுத்துருவும் மாறலாம். பல மாதக் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்தாலும் இதே கதைதான். நான் பார்க்கும் வேறுபாடு இது: அப்பாவித்தனமான மாற்றம் கோப்பு முழுக்கவோ பக்கம் முழுக்கவோ பரவியிருக்கும், திருத்தம் ஒன்றிரண்டு கட்டங்களில் மட்டும் இருக்கும். சம்பளக் கட்டமும் அதன் பேலன்ஸும் மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தால், அதற்கு நல்ல காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம். அச்சிட்டு ஸ்கேன் செய்து வந்த தாளாக இருந்தால் `pdffonts` எதுவும் சொல்லாது. அங்கே கண்ணுக்குக் கிடைப்பது எண்ணைச் சுற்றிப் பின்னணி மட்டும் வெளுத்திருப்பது போன்ற சில தடயங்கள்தான். கூட்டல் கணக்கோ ஸ்கேன் தாளிலும் அப்படியே செல்லுபடியாகும்.

அதனால் முதலில் கணக்கு, அது காட்டும் வரியில் எழுத்துரு. இந்த வரிசையில் போனால் தேடும் பரப்பும் சுருங்கும். எழுத்துருவை மட்டும் வைத்து ஒரு விண்ணப்பத்தை நிராகரிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கணக்கையும் ஏமாற்ற முடியும். சம்பளத்தை மாற்றியவர் மாதக் கடைசி வரை எல்லா பேலன்ஸையும் விரிதாளில் திரும்பப் போட்டுவிட்டால் சூத்திரம் 0 காட்டும். அப்போது மொத்த வரவு, இறுதி இருப்பு, அடுத்த மாதத் தொடக்க இருப்பு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். அவற்றில் ஒன்றை மறப்பது சகஜம். அவையும் சரியாக இருந்தால், கணக்குக்கு வட்டி வருகிறதா என்று பாருங்கள். தினசரி இருப்பின்மேல் ஆண்டுக்கு 3 சதவீதம் என்றால், கூடுதலாகக் காட்டிய 20,000-க்கு 28 நாளில் சுமார் 46 வட்டி சேர்ந்திருக்க வேண்டும். வட்டி வரவு இருக்கும் வரி பழைய தொகையிலேயே நின்றால் இந்த 46 குறையும். மாதம் முழுக்கத் திருத்துகிறவருக்கும் இந்த வரி நினைவுக்கு வருவது அரிது.

வட்டியே இல்லாத கணக்கு, முழுக்கப் புதிதாகத் தயாரித்த கோப்பு என்றால் இரண்டு வழியுமே கைகொடுக்காது. அப்போது விண்ணப்பதாரரின் ஒப்புதலோடு அதே மாதங்களின் ஸ்டேட்மென்ட்டை வங்கியிடமிருந்தே நேரடியாக வாங்கி, வரிக்கு வரி ஒப்பிட வேண்டியதுதான்.